தெம்பில்லாத நாளில் ஒரு ‘வாங்கக்கா’

“வாங்கக்கா, வாங்கண்ணா, என்ன பாக்கறீங்க?”

தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றின் புடவைப் பிரிவில் நிற்கும் அந்தப் பெண் இதை ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணியதில்லை. மேற்கு சைதாப்பேட்டையில் வீடு. காலையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மாம்பலம். படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. தன் பெயரும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம் என்றுதான் பேச ஆரம்பித்தார். “சொல்றது ஒண்ணும் கஷ்டமில்ல சார். சிரிச்சிக்கினே சொல்லணும் பாருங்க, அதான் சில நாளு வரமாட்டேங்குது. வாய் சொல்லிடும், மூஞ்சி வராது.”

வாய் சொல்லும், மூஞ்சி வராது. இந்த விஷயத்தைப் பற்றி உடலியல்காரர்கள் எழுதியிருப்பதன் சாரம் கிட்டத்தட்ட இதுதான்.

பிரான்ஸைச் சேர்ந்த துஷேன் என்ற நரம்பியல் மருத்துவர் 1862-ல் முகத் தசைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தசைகளுக்கு மின்சாரம் கொடுத்து, முகம் எப்படியெல்லாம் மாறுகிறது என்று புகைப்படம் எடுத்தவர். உதட்டு ஓரத்தை மேலே இழுக்கும் கன்னத் தசை நாம் சொன்னால் கேட்கும். ஆனால் கண்ணைச் சுற்றியிருக்கும் தசை பெரும்பாலும் உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் சுருங்கும் என்பது அவர் கண்டது. வேண்டுமென்றே கண்ணையும் சுருக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்று பிற்காலத்தில் திருத்தினார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. கட்டளைக்கு வரும் சிரிப்பும் தானாக வரும் சிரிப்பும் மூளையில் வேறு வேறு பாதைகளில் புறப்படுகின்றன. பக்கவாதம் வந்த சிலரிடம் இதை நேரிலேயே பார்க்கலாம். டாக்டர் “சிரிங்க” என்றால் வாயின் ஒரு பக்கம் அசையாது. பேரன் ஏதாவது குறும்பு செய்தால் இரண்டு பக்கமும் சமமாக மலரும்.

ஆக, தெம்பில்லாத காலையில் நாம் கஷ்டப்படுவது வணக்கம் சொல்வதற்கு இல்லை. தானாக வரவேண்டிய ஒன்றைக் கட்டளை போட்டு வரவழைக்கிறோம், அதில்தான் மூச்சு வாங்குகிறது.

குரலின் கதையும் இதுவே. உற்சாகமான ‘ஹலோ’வைக் கவனித்துக் கேளுங்கள். சுருதி மேலே ஏறும், சத்தம் கூடும், உதடு விரிந்திருக்கும். உதடு விரியும்போது தொண்டையிலிருந்து வாய்வரை உள்ள குழாய் கொஞ்சம் குட்டையாகி, ஒலியே பிரகாசமாகிறது. போனில் பேசுகிறவர் சிரிக்கிறார் என்று பார்க்காமலே நமக்குத் தெரிவது இதனால்தான். இவ்வளவுக்கும் நெஞ்சில் காற்று வேண்டும். தூக்கமில்லாமல், காலைச் சாப்பாடு இல்லாமல், மேல்மூச்சாக மூச்சு விடுகிறவருக்கு அந்தக் காற்று இல்லை. சுருதி ஒரே இடத்தில் தங்கிவிடுகிறது. அதைத் தூக்கப் பார்த்தால் குரல் கீச்சென்று போகும், இல்லையென்றால் பாதியில் விழும். ‘இவரு ஏன் இன்னைக்கு நடிக்கிறாரு’ என்று எதிராளிக்குத் தோன்றுவது அந்த விழுந்த பாதியைக் கேட்டுத்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலர் யோசிப்பதே இல்லை: நேரம். உரையாடலில் ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததும் அடுத்தவர் பதில் சொல்ல ஆரம்பிக்க எடுத்துக்கொள்ளும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஜப்பானியம், டேனிஷ், லாவோ என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மொழிகள். தமிழ் அதில் இல்லை. சராசரி இடைவெளி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். மொழிக்கு மொழி வித்தியாசம் இருந்தாலும் அது சொற்பம். இந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு ஒரு வினாடித் தாமதம்கூட ‘இஷ்டமில்லை’ என்றே கேட்கும். களைத்த மனிதருக்குத் தாமதம் தவிர்க்க முடியாதது. பஜார் ரோட்டில் எதிரே வருகிறவர் “இன்னா சார், டூட்டிக்கா?” என்கிறார், நம் மண்டைக்குள் அது போய்ச் சேர்ந்து, முகத்தைச் சரிசெய்து, பதில் கிளம்புவதற்குள் அவர் இரண்டடி தாண்டிவிடுகிறார். அப்புறம் நாள் முழுக்க ஒரு உறுத்தல்: ‘மூஞ்சியத் திருப்பிக்கினு போனேன்னு நெனைச்சிருப்பாரோ?’

இதற்கு நம் தெருக்காரர்களிடம் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. புருவத்தைத் தூக்குவது. அல்லது தலையை ஒருமுறை அசைப்பது, கையை லேசாக உயர்த்துவது. வார்த்தையைவிட இது சீக்கிரம் கிளம்பிவிடும். ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்ற செய்தி உடனே போய்ச் சேர்ந்துவிட்டால், பின்னால் வரும் சொல் ஒரு வினாடி தாமதமானாலும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. சொல்லே வராவிட்டாலும் பெரிய குற்றமில்லை.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வணக்கத்துக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கின்றன. ஒன்று, எதிரே வந்தவரைக் கண்டுகொள்வது. இன்னொன்று, உற்சாகம். முதலாவது நாம் எல்லோருக்கும் கொடுக்கவேண்டியது. வாட்ச்மேனுக்கும், கீரைக்கார அம்மாவுக்கும், லிஃப்டில் வருகிற பக்கத்து வீட்டுக்காரருக்கும். இரண்டாவது கையில் இருந்தால் கொடுக்கலாம், இல்லாத நாளில் கொடுக்கவேண்டியதில்லை. நமக்குச் சிக்கல் வருவது இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவதால். உற்சாகம் இல்லாதபோது, கண்டுகொள்வதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம். போனைக் குனிந்து பார்த்தபடி கடந்து போகிறோம். அல்லது இல்லாத உற்சாகத்தைக் காட்டிவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் சுருண்டு படுக்கிறோம்.

வள்ளுவரை இங்கே துணைக்கு அழைப்பவர்கள் அதிகம். முகத்தில் மட்டும் மலரும் நட்பை 786-ஆம் குறள் நட்பாகவே ஏற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் பேசுவது நட்பைப் பற்றி. ஜோன்ஸ் ரோட்டில் காலை நடையில் எதிர்ப்படும் இருபதாவது தெரிந்த முகத்துக்கும் அதே அளவுகோல் என்று நானே வைத்துக்கொண்டால், ஒன்று நான் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, அல்லது நாள் முழுக்கக் குற்றவாளியாகத் திரியவேண்டும்.

தெரிந்த முகங்களிடம் கண்டுகொள்ளல் போதும் என்பது சரி. உற்சாகத்துக்கே சம்பளம் என்றால்? புடவைப் பிரிவுப் பெண்ணின் கதை அங்கேதான் வேறுபடுகிறது.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். உடலுழைப்பு, மூளையுழைப்பு போலவே உணர்ச்சியை உழைப்பாகக் கொடுப்பதும் ஒரு வேலை என்று சொன்ன புத்தகம். அந்த வேலையை இரண்டு விதமாகச் செய்கிறார்கள் என்று அவர் பிரித்தார். உள்ளே எரிச்சல் இருக்க, மேலே சிரிப்பை ஒட்டவைப்பது ஒரு வகை. இன்னொன்று, உள்ளே இருப்பதையே கொஞ்சம் மாற்றப் பார்ப்பது. ரகளை செய்கிற பயணியைப் பார்த்து ‘இந்த ஆளுக்குப் பறக்க பயம், குழந்தை மாதிரி நடந்துகொள்கிறார்’ என்று நினைத்துக்கொள்ளும்படி பணிப்பெண்களுக்குப் பயிற்சியில் சொல்வார்களாம். அப்படி நினைத்ததும் கோபம் பாதி இறங்கும். பிறகு வருகிற கனிவு ஒட்டவைத்தது அல்ல. அதன்பின் வந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது: ஆளை உறிஞ்சுவது முதல் வகை. இரண்டாவது அந்த அளவுக்கு உடம்பைப் படுத்துவதில்லை.

கடைப் பெண் இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவருடைய முறையை அவர் சொல்லக் கேட்டேன். களைப்பான நாட்களில் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவாராம். “மூஞ்சியப் பாத்தா சிரிக்கணும். அதனால மொதல்ல கையில இன்னா வெச்சிருக்காங்கன்னு பாப்பேன். பத்திரிகை இருந்தா கல்யாணம். கைக்கொழந்த இருந்தா ஒக்கார ஸ்டூல் போடணும். வயசானவங்க வந்தா, வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி வேணுமான்னு கேப்பேன். கேக்கறப்பவே மூஞ்சி தானா வந்துடும் சார்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். கவனம் தன் முகத்தின் மேல் இருந்தபோது வராத மலர்ச்சி, கவனம் எதிராளியின் கைப்பையின் மேல் போனதும் வந்துவிடுகிறது. பொதுவான ‘வாங்கக்கா’வுக்குத் தேவைப்படுவது குரலின் பலம். “கொழந்தைய இப்படி ஒக்கார வைங்க” என்பதற்குக் கவனம் மட்டும் போதும். தாழ்ந்த குரலில், சிரிக்காமல் சொன்னாலும் அது பொய்யாக ஒலிக்காது. களைத்த நாளில் குரலைவிடக் கவனம் மலிவாகக் கிடைக்கிறது என்பது நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது. அலுவலகத்திலும் இது செல்லும். “குட்மார்னிங்!” என்று பாடமுடியாத காலையில், “நேத்து உங்க பொண்ணுக்குப் பரீட்சைன்னீங்களே, எழுதிட்டாளா?” என்று சாதாரணக் குரலில் கேட்கலாம்.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை அவரே சொன்னார். தீபாவளி சீசனில், மாலை ஏழு மணிக்கு மேல், எதுவும் பலிக்காது. அப்போது பிரச்சினை மனசில் இல்லை, காலில். பத்து மணி நேரம் நின்றால் ரத்தம் காலிலேயே தங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது, இடுப்பு இறுகுகிறது. அந்த உடம்பிடம் போய் நினைப்பை மாற்று என்று சொல்வது கொஞ்சம் கொடுமை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சட்டமே வந்தது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊழியர்கள் உட்கார்ந்துகொள்ளும்படி எல்லோருக்கும் இருக்கை இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். துறை அமைச்சர் சி.வி. கணேசன் அந்த செப்டம்பரில் மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். கேரளம் 2018-லேயே இதைச் செய்திருந்தது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் போராடிப் பெற்றது. ரங்கநாதன் தெரு ஊழியர்கள் படும் பாட்டை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-லேயே திரையில் காட்டியிருந்தது.

ஸ்டூல் வந்ததா? “இருக்குது. ஆனா கஸ்டமர் இருக்கறப்போ ஒக்காந்தா நல்லாருக்காதுல்ல?” என்றார். கஸ்டமர் இல்லாத நேரம் எப்போது என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளரை வரவேற்கும் விதம் சரியில்லை என்று குறைப்படுகிற முதலாளிகள், சிரிப்புப் பயிற்சிக்கு ஆள் பிடிப்பதற்கு முன் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் உட்காரவைத்து டீ கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

சரி, ‘வாங்க’வோடு முடிந்தால் பரவாயில்லை. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டால்?

உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கர், இந்தக் கேள்விக்கு எல்லோரும் பொய் சொல்லியே ஆகவேண்டும் என்று 1975-ல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் தர்க்கம் எளிது. ‘நல்லாயில்லை’ என்று சொன்னால் ‘ஏன், என்னாச்சு?’ என்று அடுத்த கேள்வி வந்தே தீரும். அதற்குப் பதில் சொல்லக்கூடிய உறவு எல்லோரிடமும் இல்லை. எனவே அந்தக் கதவைத் திறக்காமல் இருக்க ‘நல்லா இருக்கேன்’ என்று முடித்துவிடுகிறோம்.

சாக்ஸ் சைதாப்பேட்டைக்கு வந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். இங்கே நடுவில் நிறைய பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. “ஏதோ ஓடுதுக்கா.” “இருக்கேண்ணே.” “பரவால்ல, போவுது.” இவை பொய்யும் அல்ல, புகாரும் அல்ல. ‘இன்று அமோகமாக இல்லை, ஆனால் நின்று விசாரிக்கவேண்டிய அளவுக்கும் இல்லை’ என்பதை அப்படியே சொல்லிவிடுகின்றன. கேட்டவரும் “ஆமா, எல்லாருக்கும் அப்டித்தான் ஓடுது” என்று ஒரு தலையசைப்போடு போய்விடுவார். என் வீட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் எந்த நாளிலும் ‘சூப்பர்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரைச் சிடுசிடுப்பானவர் என்று யாரும் சொல்லியும் கேட்டதில்லை. ‘சூப்பர்’, ‘ஆசம்’ என்ற பதில்களை நம் இளைஞர்கள் ஐடி கம்பெனி மாடிகளிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த உயரத்தில் ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் மறுநாள் ‘ஓடுது’ என்று சொல்வதே துக்கச் செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. தினமும் நடுச்சுருதியில் பேசுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பதிலோடு ஒரு சின்ன வாலையும் சேர்க்கலாம்: “ஓடுதுக்கா. நேத்து ராத்திரி சரியா தூக்கமில்ல, அதான்.” காரணம் சொன்னதும் எதிராளி நம் தொய்வைத் தன்மேல் உள்ள கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. நம் களைப்பு நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது என்று நாம் நினைப்பதும் மிகை. உள்ளே இருப்பது வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதை மனிதர்கள் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று கிலோவிச் முதலிய உளவியலாளர்கள் 1998-ல் சில சோதனைகளில் காட்டினார்கள். எதிராளிக்குப் பெரும்பாலும் தெரிவது குரல் தாழ்ந்திருப்பது மட்டும்தான். காரணம் தெரியாததால் அவரே ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறார்.

இது மிகவும் தேவைப்படும் இடம் வீடு. இரவு பத்து மணிக்கு அந்தப் பெண் கதவைத் திறக்கும்போது ஏழு வயது மகன் ஓடிவருவான். கடையில் பகல் முழுக்க விற்ற சிரிப்பில் மிச்சமில்லை. முன்பெல்லாம் வலிய ஒரு சிரிப்பை இழுத்துக்கொள்வாராம், பையன் கண்டுபிடித்துவிடுவான், “ஏம்மா கோவமா இருக்கே?” என்பான். இப்போது வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, அவனைக் கிட்டே இழுத்துக்கொண்டு, “அம்மாவுக்குக் கால் வலிக்குதுடா. உன்மேல கோவமில்ல. மூஞ்சி கழுவிட்டு வந்து கதை கேக்கறேன்” என்கிறார். மூன்று வாக்கியம். களைப்பு எங்கே என்று முதல் வாக்கியம் சொல்கிறது. காரணம் நீயில்லை என்று இரண்டாவது. எப்போது கிடைப்பேன் என்று மூன்றாவது. குழந்தைக்கு மட்டும் இல்லை, கணவனுக்கும் மாமியாருக்கும் இந்த வரிசை வேலை செய்கிறது என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னால் நிறைவேற்றவேண்டும், அதுதான் கஷ்டம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவும் அவ்வப்போது வரும் தொய்வான நாட்களுக்கு. தொய்வே வாடிக்கையாகிவிட்டால் வணக்கத்தைச் சரிசெய்வதில் பயனில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவது, எதற்கெடுத்தாலும் உட்காரத் தோன்றுவது, பேசவே அலுப்பு: இவற்றைக் குணம் என்று நினைத்துக்கொண்டே வருடக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. தைராய்டு குறைவும் இப்படித்தான் முகத்தையும் குரலையும் மந்தமாக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போனால் விஷயம் வெளிச்சமாகும். ரத்தம் சரியாக இருந்தும், முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி இப்படியே போகிறதென்றால், அதை மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அந்த அழைப்பில் குரலை உயர்த்திக்கொள்ளத் தேவையே இல்லை. தாழ்ந்த குரல்களைக் கேட்பதுதான் மறுமுனையில் இருப்பவர்களின் வேலை.

கடைசியாக, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நம்மைப் பற்றி. காபிக் கடையில் காசைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போகாமல், கடைக்காரரின் கண்ணைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசச் சொல்லி, வாடிக்கையாளர்களிடம் சாண்ட்ஸ்ட்ராம், டன் என்ற இருவர் சோதித்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு. அப்படிப் பேசிவிட்டுப் போனவர்களின் மனநிலை, பேசாமல் போனவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. கடைக்காரரின் மனநிலையை அதில் அளக்கவில்லை. அதைப் புடவைப் பிரிவில் கேட்டேன். யாராவது பதிலுக்கு ஏதாவது சொல்வார்களா?

“நூறு பேருக்கு ‘வாங்க’ சொன்னா தொண்ணூறு பேரு புடவையத்தான் பாப்பாங்க. அது தப்பில்ல, அவங்க புடவைக்குத்தான வந்தாங்க. ஒருத்தரு ரெண்டு பேரு, ‘பாக்கறேம்மா, நீ சாப்ட்டியா?’ன்னு கேப்பாங்க. அவங்களுக்கு நூறு புடவை பிரிச்சுக் காட்டலாம் சார். எடுக்காம போனாலும் மடிக்கறதுக்கு அலுப்பு தெரியாது.”